பெரிய டிஸ்க், பிரெய்டட் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர்: முன் பிரேக்கில் எதை மாற்றலாம்?

காரைக்குடிப் பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு முன் பிரேக் விஷயத்தில் இரண்டு விதமான சாலை. திருச்சி சாலையில் நல்ல தார், வெயிலில் காய்ந்து டயரை அப்படியே பிடிக்கும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீதிக்குள் திரும்பினால் தாரின் மேல் செம்மண்ணும் பொடிச் சரளையும் பரவிக் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே லீவர், ஒரே கைதான். என்னுடைய 150 சிசி வண்டி ஏபிஎஸ் வருவதற்கு முந்தைய காலத்தது. அதில் மூன்று மாற்றங்களையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். முதலில் வண்டியோடு வந்த பிரேக் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஒப்பிட முடியாது.

வண்டியும் நானும் சேர்ந்து சுமார் 215 கிலோ. முன்னால் 240 மி.மீ. டிஸ்க், பேடை அதன் மேல் அழுத்தும் இரண்டு பிஸ்டன் காலிப்பர், லீவரைப் பிடித்தால் காலிப்பருக்கு ஆயிலைத் தள்ளும் 12.7 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர். பேடின் உராய்வை 0.4 என்றும் லீவரின் நெம்புகோல் விகிதத்தை ஐந்தரை என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், காய்ந்த தாரில் முன் டயர் தாங்கும் எல்லையைத் தொட லீவரில் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் போதும். பயத்தில் முழுக் கையால் இறுக்கினால் இதைத் தாராளமாகத் தாண்டிவிடுவோம். ஆக, பழைய பிரேக்கே டயரைச் சுழலவிடாமல் பூட்டும் அளவுக்கு வலுவானதுதான். டிஸ்க்கை மாற்றினாலும் சிலிண்டரை மாற்றினாலும் அந்த 12 என்ற எண்தான் மாறும். தரையோடு டயருக்கு உள்ள பிடிப்பு இம்மி கூட ஏறாது.

அந்த 12 கிலோவும் நிதானமாக அழுத்தினால்தான். நிற்கும் வண்டியில் முன் சக்கரத்தின் மேல் பாதிக்கும் சற்றுக் குறைவான எடைதான் இருக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை முன்னால் சாய்கிறது, ஃபோர்க் அமுங்குகிறது, டயர் தரையில் அழுந்திப் பிடிப்பு கூடுகிறது. அரை நொடிக்குள் நடந்து முடிகிற காரியம் இது. அதற்கு முன்னால் வெடுக்கென்று இழுத்தால், எடை வந்து சேராத டயர் அதே காய்ந்த தாரிலேயே சுமார் 7 கிலோவில் பூட்டிக்கொள்ளும். சரளை கிடந்தால் மெதுவாக அழுத்தினாலும் மூன்றரை கிலோதான் எல்லை. 12, 7, 3.5 என்ற இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைப் பார்க்கப் போகிறேன்.

முதலில் செய்தது பெரிய டிஸ்க். 240க்குப் பதில் 260. பார்க்க 20 மி.மீ. வித்தியாசம். ஆனால் பேட் டிஸ்க்கின் விளிம்பைப் பிடிப்பதில்லை, சற்று உள்ளே பிடிக்கிறது. பேடின் நடுவை வைத்து அளந்தால் ஆரம் 105லிருந்து 115 மி.மீ. ஆகிறது, அதாவது ஒன்பதரை சதவீதம். 12 கிலோ 11 ஆனது, அவ்வளவுதான். ஓட்டும்போது முதல் நாள் தெரிந்தது, மறுவாரம் பழகிப்போனது.

இந்தச் சின்ன லாபத்துக்கு வேலை நிறைய. டிஸ்க்கின் ஆரம் 10 மி.மீ. கூடினால் காலிப்பரும் 10 மி.மீ. வெளியே தள்ளி உட்கார வேண்டும். அதற்கு ஒரு பிராக்கெட் லேத்தில் கடைந்து தரச் சொன்னோம். முதலில் வந்த பிராக்கெட் இரண்டு மி.மீ. கூடுதலாகத் தள்ளிவிட்டது. ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. 800 கிலோமீட்டர் கழித்துப் பேடைக் கழற்றினால் மேல் விளிம்பில் தேயாத ஒரு திட்டு, நகத்தால் தடவினால் படிக்கட்டு மாதிரி தட்டுகிறது. அந்தப் பகுதி டிஸ்க்குக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் இரண்டு பேடின் திட்டுகளும் ஒன்றோடொன்று முட்டி, பேட் டிஸ்க்கை முழுதாக அழுத்த முடியாமல் போயிருக்கும். பெரிய டிஸ்க் போடுபவர்கள் முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை பேடைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பெரிய டிஸ்க்கின் உண்மையான பலம் வெப்பத்தில் இருக்கிறது. இரும்பு கூடுதலாக இருப்பதால் சூட்டைத் தாங்கும், மலை இறக்கத்தில் பிரேக் தளராது. ஆனால் நம் ஊரில் இறக்கம் ஏது? குன்றக்குடியில் மலை இருக்கிறது, அதில் படியேறித்தான் போகிறோம். கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோ மாதம் ஒருமுறை போகிறவருக்குப் பெரிய டிஸ்க் சரி. தேவகோட்டைக்குப் போய்வருகிறவருக்குத் தேவையில்லை.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் மச்சான் ஒருவர் பெரிய வண்டியிலிருந்து கழற்றிய 16 மி.மீ. சிலிண்டரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு வந்து, "மாப்ளே, லீவரைப் புடிச்சுப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கிது" என்றார். பிடித்துப் பார்த்தேன், கல்தான். ஓட்டிப் பார்த்தால் வண்டி நிற்க மனமில்லாமல் நின்றது.

காரணம் எளியது. கை கொடுக்கும் விசை சிலிண்டரின் பரப்பில் பகிரப்படுகிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். 12.7ஐ 16 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு, அதனால் 12 கிலோ வேலைக்கு 19 கிலோ பிடிக்க வேண்டும். லீவர் கல்லாக நிற்பது, கொஞ்சம் நகர்ந்தாலே நிறைய ஆயில் போய்ச் சேர்வதால்தான். அந்தச் சிலிண்டர் இரண்டு டிஸ்க், இரண்டு காலிப்பருக்காக வடிவமைத்தது. ஒற்றைக் காலிப்பருக்கு அது பொருந்தாது. கெட்டியான லீவரை வலுவான பிரேக் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. விட்டத்தைத் தெரிந்துகொள்ள, சிலிண்டர் உடம்பின் கீழ்ப்பக்கம் வார்த்திருக்கும் எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

நான் எதிர்த்திசையில் போய் 11 மி.மீ. போட்டேன். பரப்பு நான்கில் மூன்று பங்கானது. 12 கிலோ 9 ஆனது. 260 டிஸ்க்கும் சேர்ந்திருந்ததால் 8 கிலோவுக்குப் பக்கம். இரண்டு விரல் போதும், காய்ந்த தாரில் சுகமான பிரேக். விலை என்னவென்றால் லீவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே வருகிறது. பலமாகப் பிடித்தால் ஹாண்டில் பிடியில் இருக்கும் மற்ற இரண்டு விரலையும் நசுக்கும்.

சுகம் இருபது நாள்தான். ஒரு காலையில் கானாடுகாத்தானில் வீதி முக்கு திரும்பும்போது ஓர் ஆச்சி கூடையோடு குறுக்கே வந்தார்கள். வேகம் 25கூட இருக்காது. லீவரைத் தொட்டேன் என்றுதான் நினைவு. முன் சக்கரம் சரளையில் பூட்டி, ஹாண்டில் ஒரு நொடி எடையே இல்லாமல் லேசாகி, வண்டி இடப்பக்கம் படுத்துவிட்டது. பின் சக்கரம் பூட்டினால் வால் ஆடும், சமாளிக்க நேரம் கிடைக்கும். முன் சக்கரம் பூட்டினால் அந்த நேரம் கிடையாது. "என்னப்பச்சி, கண்ணு தெரியலையா" என்று ஆச்சி கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் பார்த்தேன். சரளையில் பழைய பிரேக்குக்கு எல்லை மூன்றரை கிலோ. 260 டிஸ்க், 11 மி.மீ. சிலிண்டர் சேர்ந்தால் அது 2.4 கிலோ. விரல் பழக்கத்தில் இறுக்கும் இறுக்கமே அதைத் தாண்டும். காய்ந்த தாரில் 12க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் வசதி. சரளையில் மூன்றரைக்கும் இரண்டரைக்கும் உள்ள வித்தியாசம் முழங்கைத் தோல்.

டிஸ்க்கையும் சிலிண்டரையும் பழையபடி மாற்றிவிட்டு மூன்றாவதாகப் போட்டது பிரெய்டட் ஹோஸ். உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல். இது விசையைப் பெருக்குவதே இல்லை. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். லீவரின் நகர்வில் ஒரு பகுதி அந்த உப்பலுக்கே போய்விடும். கம்பிப் பின்னல் அதை அனுமதிக்காது. மளிகைக் கடையிலிருந்து கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, லீவர் நுனியில் மாட்டி 10 கிலோ வரை இழுத்து, லீவருக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தேன். பத்து வருட ரப்பர் ஹோஸில் 34 மி.மீ., புதியதில் 43. அதே 12.7 சிலிண்டர், அதே காலிப்பர். இதில் புது ஆயிலுக்கும் பங்குண்டு, முழுப் புகழையும் ஹோஸுக்குக் கொடுக்க மாட்டேன்.

12 கிலோ 12 ஆகவே இருக்கிறது. ஆனால் 4 கிலோவில் என்ன நடக்கிறது, 6இல் என்ன நடக்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது. டயர் எல்லையை நெருங்கும்போது கையைத் தளர்த்த இந்த உணர்வுதான் உதவும். ஒரு குறையும் உண்டு. ரப்பரின் உப்பல் அவசரக் கையைக் கொஞ்சம் மன்னித்துக்கொண்டிருந்தது, அழுத்தம் சற்றுத் தாமதமாக ஏறும். புதிய ஹோஸில் அந்தத் தாமதம் குறைவு. வெடுக்கென்று பிடிக்கிறவர் அந்த 7 கிலோ எல்லையை இன்னும் சீக்கிரம் தொடுவார்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஹோஸ் முனையை இறுக்கும் பாஞ்சோ போல்ட்டில் அந்த முனையின் இரு பக்கமும் செம்பு வாஷரைப் புதிதாகவே போட வேண்டும், பழையது கசியும். நீளத்தை ஹாண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், முன் சக்கரம் தரையைத் தொடாமல் ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போதும் பார்க்க வேண்டும். ஹோஸ் எங்கேயும் உரசக் கூடாது. கம்பிப் பின்னல் அரம் மாதிரி மட்கார்டை அறுத்துவிடும். ஆயிலிலிருந்து காற்று எடுத்த பிறகும் லீவர் தொளதொளவென்றிருந்தால் பெரும்பாலும் காற்று மாஸ்டர் சிலிண்டர் பக்கத்துப் பாஞ்சோவில்தான் மாட்டியிருக்கும். லீவரைப் பிடியோடு சேர்த்து இரவு முழுக்கக் கட்டி வைத்தால் பல சமயம் காலையில் சரியாகிவிடும்.

இப்போது என் வண்டியில் பழைய 240 டிஸ்க், பழைய 12.7 சிலிண்டர், பிரெய்டட் ஹோஸ். 260 டிஸ்க்கும் பிராக்கெட்டும் அடிக்கடி கொல்லிமலை போகும் நண்பர் வண்டிக்குப் போய்விட்டன. மிச்சப் பணத்தில் முன் டயரை மாற்றினேன். பக்கச் சுவரில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நான்கு இலக்கத்தைப் படித்தபோதுதான் அது ஏழு வருடப் பழையது என்று தெரிந்தது. பள்ளம் இன்னும் இருந்தது, ஆனால் ரப்பர் நகம் அழுந்தாத அளவுக்கு இறுகியிருந்தது. மூன்று மாற்றமும் தொடாத பிடிப்பு இதில்தான் கூடியது. புது டயரில் முதல் 100 கிலோமீட்டர் வழுவழுப்புப் போகும்வரை பிரேக்கை மெல்லத் தொட்டேன். மச்சான் இன்னும் 16 மி.மீ. சிலிண்டரைக் கழற்றவில்லை. லீவர் கெட்டியாக இருக்கிறதாம்.