ஏழு வருடம் பாவித்த நுணுக்குக்காட்டியும் அதன் பெட்டியில் எழுதியிருந்த 1600 மடங்கும்

போன கிழமைதான் திருத்திக்கொண்டு வந்தேன். பழுது என்றால் பெரிய பழுது இல்லை, என் அவசரம். ஸ்லைடைப் பார்த்து நிற்கிற வில்லைதான் பொருளி. 100 மடங்குப் பொருளிக்கு எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு, ஸ்லைடைத் துடைக்காமல் பொருளிகள் பூட்டிய சக்கரத்தைத் திருப்ப, 40 மடங்குப் பொருளி எண்ணெய்க்குள் முகம் கழுவியது. அதன் நுனி ஸ்லைடுக்கு மயிரிழை தூரத்தில் நிற்கும். எண்ணெய் படாமல் தப்பவே முடியாது. பட்டதை உடனே கண்டுபிடித்திருந்தால் வில்லைத் தாளால் ஒற்றி எடுத்திருக்கலாம். 10 மடங்கில் பளிச்சென்று தெரிவது 40இல் மட்டும் பனிமூட்டமாகத் தெரிந்தால் அது எண்ணெய் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே, இரண்டு மாதம் என் கண்ணாடியைத்தான் குறை சொன்னேன். புறக்கோட்டையில் கொடுத்தேன். மூன்று கிழமை எடுத்தார்கள். வில்லைக்குள் பூஞ்சணமும் பிடிக்கத் தொடங்கியிருந்ததாம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருந்துகொண்டு அதற்கு யாரை நோவது.

திருத்திய காசு கொடுத்து நாலாம் நாள் அதே மாதிரி நுணுக்குக்காட்டி விலை குறைந்திருக்கிறது. அன்றிரவே கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பனின் செய்தி: “மச்சான், மகள் உயர்தரத்துக்கு பயோ எடுக்கிறாள். உன்னட்டை இருக்கிறது மாதிரி ஒண்டை வாங்கவோ, இல்லாட்டி 2500 மடங்கு எண்டு ஒண்டு வந்திருக்கு, அதை வாங்கவோ? டெங்கு வைரஸ் தெரியுமோடா?”

இந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி நீண்டுவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையதன் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1600 மடங்கு என்று இருக்கிறது. அது எப்படி வந்தது? 100 மடங்குப் பொருளி, அதோடு கொடுத்த, கண்ணை வைத்துப் பார்க்கிற 16 மடங்குப் பார்வைத்துண்டு, பெருக்கினால் 1600. கணக்குச் சரி. ஆனால் அந்த 16 மடங்குத் துண்டு ஏழு வருடத்தில் எனக்கு ஒரு புள்ளியைக்கூடப் புதிதாகக் காட்டவில்லை. 10 மடங்குத் துண்டில் தெரிந்ததையே கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் மங்கலாகக் காட்டுகிறது. சுவரொட்டிப் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பது போலத்தான்: புள்ளிகள் பெரிதாகும், நடிகரின் முகத்தில் புதிதாக ஒரு மருவும் முளைக்காது.

உண்மையில் எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிப்பது பொருளியின் பக்கத்தில் பொறித்திருக்கிற இன்னொரு எண். என்னுடையதில் 100x/1.25 என்று இருக்கிறது. அந்த 1.25தான் நியூமெரிக்கல் அப்பெர்ச்சர், சுருக்கமாக என்.ஏ. பொருளிலிருந்து எவ்வளவு சரிந்து வருகிற ஒளியை வில்லையால் பிடிக்க முடிகிறது என்பதன் அளவு அது. வில்லை பிடிக்கிற ஒளிக்கூம்பின் பாதிக் கோணத்தின் சைனை எடுத்து, இடையிலுள்ள ஊடகம் ஒளியை எவ்வளவு முறிக்கும் என்று சொல்கிற முறிவுச்சுட்டியால் பெருக்கினால் வருவது.

சரிந்த ஒளி ஏன் வேண்டும்? நெருக்கமான கோடுகளுக்கூடாகப் போகிற ஒளி நேரே போவதோடு பக்கங்களுக்கும் வளைந்து சிதறும். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அகலமாக வளையும். கோடு இருக்கிறது என்ற செய்தியைச் சுமந்து வருவது அந்த வளைந்த ஒளிதான். அது வில்லைக்கு வெளியே போய்விட்டால் நேரொளி மட்டும் வந்து சேரும். வெளிச்சம் இருக்கும், கோடு இருக்காது. அதற்குப் பிறகு எத்தனை மடங்கு பெருக்கினாலும் வெறும் வெளிச்சம்தான் பெரிதாகும். இதை 1873இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் எர்ன்ஸ்ட் அபே எழுதிவைத்தார். யேனா நகரில் அவருடைய நினைவுச் சின்னத்தில் இதன் சூத்திரத்தையே பொறித்திருக்கிறார்கள்.

எண்ணெயின் வேலையும் இதுதான். ஸ்லைடின்மேல் வைக்கிற மூடித்துண்டின் கண்ணாடிக்குள் அதிகம் சரிந்து வருகிற கதிர், காற்றைத் தொட்டதும் திரும்பி உள்ளேயே போய்விடும். உலர்ந்த வில்லையின் என்.ஏ. ஒன்றைத் தொட முடியாததற்குக் காரணம் அதுதான், நடைமுறையில் 0.95 வரை வரும். கண்ணாடியின் முறிவுச்சுட்டியையே கொண்ட, அதாவது 1.515 அளவான எண்ணெயை இடையில் விட்டால் கதிருக்குக் கண்ணாடி முடிந்ததே தெரியாது, நேரே வில்லைக்குள் போகும். தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன சேர் என்று ஒரு மாணவன் கேட்டான். அதன் சுட்டி 1.45 அளவுதான், கண்ணாடியோடு பொருந்தாது, படம் கலங்கும். அப்புறம் வில்லையைக் கழுவ யார் இருக்கிறார்கள்?

சரி, இந்தக் கருவியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் டயற்றம் சோதனை ஸ்லைட் ஒன்று கொண்டுவந்து தந்தார். டயற்றம் என்பது சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒருகல அல்கா. ஓட்டில் சீப்புப் பல் போலக் கோடுகள் இருக்கும், ஒவ்வொரு இனத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய மாறாது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வில்லைகளைப் பரீட்சை பார்க்க இதைத்தான் பாவிக்கிறார்கள். ப்ளூரோசிக்மா அங்குலாற்றம் என்பதில் இடைவெளி சுமார் அரை மைக்றோமீற்றர். அது 40x/0.65 பொருளிக்கே தெரிந்துவிட்டது. அம்பிப்ளூரா பெல்லூசிடா என்பதில் கால் மைக்றோமீற்றர், அதாவது 250 நனோமீற்றரை ஒட்டியது. அதுதான் வில்லன்.

இரண்டு இரவு தெரியவேயில்லை. ஓடு கண்ணாடித் துண்டு மாதிரி வழுவழுவென்று கிடந்தது. 16 மடங்குத் துண்டைப் போட்டேன், பெரிய வழுவழுப்பு வந்தது. அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்படியான கோடுகளில் தெரியக்கூடிய ஆகச் சிறிய இடைவெளிக்கு, அலைநீளத்தைப் பொருளியின் என்.ஏ.யும், ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கிற கண்டென்சரின் என்.ஏ.யும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான் கண்டென்சரின் துவாரத்தைத் திறந்து மூடுகிற ஐரிஸை நன்றாக மூடிவைத்திருந்தேன். அதனால் கண்டென்சர் 0.4 அளவில்தான் வேலை செய்திருக்கும். பச்சை ஒளிக்கு 550ஐ 1.65ஆல் வகுத்தால் 333 நனோமீற்றர். 250 எப்படித் தெரியும்? ஐரிஸைத் திறந்து கண்டென்சரை மேலே ஏற்றினால், எண்ணெய் விடாத கண்டென்சர் 0.9 வரை தரும். 550ஐ 2.15ஆல் வகுக்க 256. வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே வரவில்லை.

பிறகு நீல வடிகட்டி ஒன்றை விளக்கின்மேல் வைத்தேன். 450ஐ 2.15ஆல் வகுக்க 209. கண்டென்சருக்குக் கீழே பாதியை மறைத்து ஒரு மட்டைத் துண்டு, ஒளி சரிந்து வருவதற்காக. ஸ்லைடை மெல்லத் திருப்பி, கோடுகள் அந்தச் சரிவுக்குக் குறுக்கே வந்த நொடியில் நீலத்துக்குள் பட்டுச்சேலை இழை மாதிரி எழும்பி வந்தன. பொய்க் கோடோ என்ற சந்தேகம் வந்தது, ஏனென்றால் ஓட்டின் விளிம்பை ஒட்டியும் ஒளி வரிவரியாகத் தெரிவதுண்டு. ஐரிஸைத் திறக்கத் திறக்க அந்த விளிம்பு வரிகள் மங்கிப்போயின, இவை அப்படியே நின்றன. இரவு பதினொன்றரை மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன். “நீலமாத்தான் கிடக்கு” என்றுவிட்டுப் படுத்துவிட்டாள்.

இதில் பார்வைத்துண்டின் பங்கு என்ன? 209 நனோமீற்றரை 1000 மடங்கு பெருக்கினால் 0.2 மில்லிமீற்றர். சாதாரணக் கண்ணுக்கு அந்த இடைவெளி தாராளம். என்.ஏ.யின் ஆயிரம் மடங்குக்கு மேலே போவது வீண் பெருக்கம் என்பது பழைய விதி, என் பொருளிக்கு அது 1250. 1600 என்பது பெட்டி விற்பதற்கு. 2500 என்பது அதே 1.25 பொருளியில் 25 மடங்குத் துண்டைச் செருகியது. நண்பா, விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார், பொருளியில் அதே எண் இருக்கும்.

டெங்கு வைரஸ்? விட்டம் சுமார் 50 நனோமீற்றர். என் ஆகச் சிறந்த இரவில் கிடைத்த 209இன் நாலில் ஒன்று. கொழும்பில் காய்ச்சல் வந்தால் ஆய்வுகூடத்தில் எண்ணுவது 2, 3 மைக்றோமீற்றர் இருக்கிற குருதிச் சிறுதட்டுகளை, வைரஸை அல்ல. இன்னும் நல்ல வில்லை வாங்கினாலும் என்.ஏ. 1.4 அளவில் வந்து நின்றுவிடும். ஒளியின் அலைநீளத்தைக் குறைக்கலாமே என்றால், புற ஊதாவுக்குள் போகப் போகக் கண்ணாடி அதை விழுங்கும், 200 நனோமீற்றருக்குக் கீழே காற்றே விழுங்கும். ஒளிரும் சாயங்களை வைத்து இந்த எல்லையைச் சுற்றிப் போகிற வழிக்கு 2014இல் நோபல் கொடுத்தார்கள். அது வேறு கதை, வேறு விலை.

இலத்திரன் நுணுக்குக்காட்டி இங்கேதான் ஜெயிக்கிறது, ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி நல்ல வில்லையால் அல்ல. 1 லட்சம் வோல்ற்றில் ஓடவிட்ட இலத்திரனின் அலைநீளம் 0.0037 நனோமீற்றர், பச்சை ஒளியை விட ஒன்றரை லட்சம் மடங்கு சிறியது. ஆனால் ஊடுருவிப் பார்க்கும் வகை ஒன்று வழமையாகப் பிரித்துக் காட்டுவது 0.2 நனோமீற்றர் அளவு, ஒளியை விட ஆயிரம் மடங்குதான் மேல். மீதி எங்கே போனது? காந்தச் சுருளால் ஆன அந்த வில்லை மகா மட்டம். விளிம்பால் வருகிற இலத்திரன்களை அளவுக்கு மீறி வளைத்துவிடும். வழமையான வட்ட வில்லையில் இந்தக் குறை நீங்கவே நீங்காது என்று 1936இல் ஷேர்ட்ஸர் என்ற ஜேர்மன் பௌதிகவியலாளர் கணிதத்தால் காட்டினார். ஆகவே நடுவால் வருகிற கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், என்.ஏ. 0.01 அளவுதான். என் மலிவு வில்லை அதைவிட நூறு மடங்குக்கு மேல் அகலமாகப் பிடிக்கிறது! 1931இல் பேர்லினில் க்னோலும் ருஸ்காவும் கட்டிய முதல் கருவி பதினைந்து மடங்கு அளவில்தான் பெருக்கியது. ருஸ்காவுக்கு நோபல் கிடைக்க 1986 ஆனது. அந்த வில்லைக் குறையைச் சரிக்கட்டும் திருத்திகள் பொருத்திய இன்றைய கருவிகள் 0.2ஐயும் தாண்டிப் போகின்றன.

அதற்குக் கொடுக்கிற விலையும் சின்னதில்லை. குழாய் முழுக்க வெற்றிடம், மாதிரியை 100 நனோமீற்றருக்கும் மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும், பாரமான உலோகம் ஏற்ற வேண்டும், நிறம் கிடையாது, உயிரோடு எதையும் பார்க்க முடியாது. பேரை வாவித் தண்ணீரில் பரமீசியம் ஒன்று மற்றதை இடித்துவிட்டு ஓடுவதை அது ஒருநாளும் காட்டாது. என்னுடையது காட்டும்.

ஆகவே நண்பனுக்குத் தீர்ப்பு: இரண்டையும் வாங்காதே. விலை குறைந்ததற்காகவும் வாங்காதே. பொய் எழுதிய பெட்டிக்கு நான் ஏழு வருடத்துக்கு முன் முழுக் காசு கொடுத்த வயிற்றெரிச்சல் இது என்று வைத்துக்கொள். மகளுக்கு 40x/0.65 பொருளியும், மேலே கீழே போகிற கண்டென்சரும், ஐரிஸும் இருக்கிற எதுவும் போதும்.

இதை அனுப்பியதும் உடனே பதில் வந்தது: “அப்ப உன்ரையை வித்திடன், நான் எடுக்கிறன்.”

இரண்டு நாளாகிறது. இன்னும் பதில் போடவில்லை.