சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் இல்லை: ஓஎம்ஆர் அடுக்ககத்தில் சில ஆண்டுகள்

எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். காற்று, வெளிச்சம், லிஃப்ட், காவல் எதிலும் குறை சொல்ல மாட்டேன். சங்கத்தின் கணக்கு வழக்கும் சுத்தம். தண்ணீர் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

நான் இருப்பது மேல் மாடி. காலை ஏழு மணிக்குக் குழாய் இருமும், பிறகு நின்றுவிடும். செயலாளரிடம் சொன்னால் ஒரே பதில்தான்: "எல்லாரும் தண்ணிய வீணாக்குறாங்க சார்." அடுத்த நாள் சரியாகிவிடும். சில வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பத்துப் பேர் 'எங்களுக்கும்தான்' என்பார்கள். மாலைக்குள் அந்தப் பேச்சு பண்டிகை வசூலுக்குக் கீழே புதைந்துபோகும்.

வீணாக்குகிறோம் என்ற பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பிளாக்கில் 32 வீடுகள். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை வைத்தாலே 17,280 லிட்டர் வேண்டும். மொட்டை மாடித் தொட்டியின் கொள்ளளவு 10,000 லிட்டர். அதாவது, யாரும் ஒரு சொட்டு வீணாக்காவிட்டாலும் தொட்டி தினமும் இரண்டு முறையாவது நிரம்பியாக வேண்டும். இரவில் மோட்டார் தானாக ஓடாமல் போனால், விடிந்து எல்லோரும் குளிக்கும் நேரத்தில் தொட்டி காலி. அப்படியானால் கேள்வி யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதல்ல. இரவில் மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதுதான்.

தண்ணீர் நின்ற காலைகளில் கீழே போய்ப் பார்த்தேன். சம்ப்பில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்திலேயே மோட்டார் பேனலில் 'ட்ரை ரன்' சிவப்பு விளக்கு, அதாவது சம்ப்பு வறண்டுவிட்டது என்று பேனல் நம்புகிறது. காவலாளி அண்ணன் சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பினால் மோட்டார் கோளாறில்லாமல் ஓடும். அப்படியென்றால் மோட்டாரிலும் பழுதில்லை, தண்ணீரும் இருக்கிறது. பிழை இரண்டுக்கும் நடுவில் தொங்கும் சென்சார் கம்பிகளில்.

அந்தக் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் வழியாகச் சிறு மின்னோட்டம் பாய்ந்தால்தான் பேனலுக்குத் தண்ணீர் இருப்பது தெரியும். எங்கள் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் உப்பு. கம்பியில் வெள்ளைப் படலம் ஏறினால் மின்சாரம் கடக்காது, பேனல் மோட்டாரை நிறுத்திவிடும். சுரண்டிவிட்டால் சில வாரம் ஓடும். கோளாறு அவ்வப்போது தலைகாட்டியதற்குக் காரணம் இதுதான்.

மேனுவலில் ஓட்டுவது தீர்வே அல்ல. எங்கள் பேனலில் அப்போது வறட்சிக் காப்பு வேலை செய்யாது. அண்ணன் ஒரு நாள் மறந்தால் தண்ணீரில்லாமல் சுற்றி மோட்டாரின் சீல் கருகும். மேல் மாடிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தொட்டி ஒருமுறை வற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். மற்றவர்களுக்கு வந்த பிறகும் எங்களுக்கு ஏர்லாக்.

புகாரை இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே எழுதினேன். தண்ணீர் நின்ற தேதி, நேரம், திரும்ப வந்த நேரம் ஒரு பக்கம். சம்ப்பின் நீர்மட்டமும் எரியும் சிவப்பு விளக்கும் ஒரே நிமிடத்தில் எடுத்த படங்களாக அடுத்த பக்கம். தொட்டிக் கணக்கு நாலு வரி. கோரிக்கை இவ்வளவுதான்: கம்பி சென்சாரை எடுத்துவிட்டு, உப்பு பாதிக்காத மிதவை சுவிட்ச் பொருத்துங்கள், 15 நாளில் எழுத்தில் பதில் தாருங்கள், செயற்குழுக் குறிப்பேட்டில் பதியுங்கள். எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது, பதில் இல்லையென்றால் மாவட்டப் பதிவாளரிடம் போவேன் என்றும் கடைசி வரியில் எழுதினேன். மின்னஞ்சலில் குழு உறுப்பினர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். தாளில் ஒரு பிரதி கொடுத்து, என் பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டேன். 'வீணாக்குகிறார்கள்' என்ற பதிலுக்கு அந்தப் படங்கள் இடம் வைக்கவில்லை.

கெடு முடிவதற்குள் எலக்ட்ரீஷியன் வந்தார். மிதவை சுவிட்ச் மாட்டியாகிவிட்டது, அதற்குப் பிறகு காலையில் தண்ணீர் நிற்கவில்லை. செலவும் ஒரு லாரித் தண்ணீர் விலையைத் தாண்டவில்லை. இத்தனை காலம் இதற்காகவா அலைக்கழித்தார்கள் என்று இன்னமும் கோபம் வருகிறது.

எழுத்தில் பதில் இதுவரை வரவில்லை. "அதான் சரியாயிடுச்சே சார், எதுக்கு எழுத்துல?" என்கிறார் செயலாளர். அடுத்த குழு வந்து பழைய கம்பிகளையே மாட்டினால் காட்டுவதற்குக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே நண்பருக்கு என் பதில்: வீடு அருமையான வீடு, தண்ணீரும் வருகிறது, ஆனாலும் இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்தப் பதிவின் நகல் கைக்கு வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.