பீட்சா லெட்டரா, பேட்டரி லெட்டரா?

எங்க ஊர் சாயங்கால டியூஷன் சென்டருக்கு நன்கொடை கேட்டு ஒரு லெட்டர் போடணும்னாங்க, போன வருஷம் காசு குடுத்த அறுபது பேருக்குத்தான் போகுது. மூணு டிராஃப்ட் ஆச்சு.

முதலாவது சென்டர் நடத்துற அண்ணன் எழுதுனது. "நீங்கள் ஒரு பீட்சாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு குழந்தை ஒரு மாதம் படிக்கும். இன்றிரவு உங்களால் நிம்மதியாகத் தூங்க முடியுமா?" கூடவே அழுற பிள்ளை போட்டோ வேற. ஏற்கனவே காசு குடுத்த மனுஷனைக் கூப்பிட்டு கூண்டுல ஏத்துன மாதிரி இருக்கு, ஒரு தடவை குடுத்தாலும் அடுத்த வருஷம் கவரைப் பிரிக்க மாட்டாரு.

சரின்னு ரெண்டாவதுல அழுகையை எடுத்துட்டு நம்பரா போட்டோம், இத்தனை பிள்ளைங்க, இத்தனை வருஷம், இத்தனை சதவீதம் பாஸ். யாரையும் குத்தல, ஆனா யாரையும் தொடவும் இல்ல. 2007ல ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. கையில 5 டாலர் குடுத்து, அதுல எவ்வளவு நன்கொடையா குடுக்குறாங்கன்னு பார்க்க, ஒரு குரூப்புக்கு ஆப்பிரிக்காவுல பஞ்சத்தைப் பத்தின புள்ளிவிவரம் மட்டும், இன்னொரு குரூப்புக்கு மாலி நாட்டு ரோக்கியாங்கிற 7 வயசுப் பொண்ணோட கதை மட்டும். புள்ளிவிவரத்துக்கு சராசரி 1.14 டாலர், ரோக்கியாவுக்கு 2.38. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா கூடும்னுதானே நினைப்போம்? 1.43க்கு இறங்கிடுச்சு. கதைக்குப் பக்கத்துல நம்பரைக் கொட்டுனா கதையும் சேர்ந்து செத்துரும் போல.

அதனால மூணாவதுல ஒரே விஷயம்தான். "போன வருடம் நீங்கள் அனுப்பிய 500 ரூபாய் கணக்கு நோட்டுகளுக்குப் போனது, நன்றி. இந்த வருடம் இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. ஏழு மணிக்குக் கரண்ட் போனால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் போன் டார்ச்சில் கணக்குப் போடுகிறாள். புதுப் பேட்டரி 14,000 ரூபாய், 28 பேர் ஆளுக்கு 500 கொடுத்தால் வாங்கிவிடலாம். இந்த முறை முடியாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கியதும் பில்லை உங்களுக்கும் அனுப்புவோம்." அண்ணன் படிச்சுட்டு "என்னப்பா, அழுகையே வரலையே"ன்னாரு, பேட்டரி வாங்க எதுக்குண்ணே அழணும்னேன்.

அந்தப் பொண்ணு பேரு போடல, ஊர்ல யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க, டார்ச் விஷயத்தை எழுதவே அவ அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுனோம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. "500 ரூபாய், நோட்டு" வரி ஆளுக்கு ஆள் மாறும், எக்ஸெல் ஷீட்ல ஒரு வரிசை தள்ளிப் போனா 5,000 குடுத்தவருக்கு 500னு போயிரும், அது பீட்சா லெட்டரை விட மோசம். அதனால பத்து கவரை எடுத்து ரசீது புக்கோட ஒத்துப் பார்த்தோம். அப்புறம் 28க்கு மேல ஆள் குடுத்துட்டா மிச்சக் காசை வேற எதுக்காவது எடுத்தா கேள்வி வரும்ல, அதுக்கும் கீழ ஒரு வரி சேர்த்தாச்சு: "14,000க்கு மேல் வருவது ஆசிரியர்களின் பஸ் செலவுக்கு."