எடையைக் குறைத்து கீழ்ப்பிரிவா, இருக்கும் எடையோடு மேல்பிரிவா?

76 கிலோ இருக்கும் ஒரு ஜூடோ வீரருக்கு ஆண்கள் பிரிவில் இரண்டே வழி: 73 கிலோ வரை உள்ள பிரிவு அல்லது 81 கிலோ வரை உள்ள பிரிவு.

எதிராளி: 73-இல் தன் அளவு ஆள், 81-இல் ஐந்து கிலோ கூடுதலானவர் வரலாம், தூக்கி எறிவது கடினம். அந்த வித்தியாசம் எல்லை தாண்டாமல் பார்க்கத்தான் போட்டிக்கு முன் தராசில் ஏற்றுகிறார்கள்.

உடம்பு: 73-க்குக் கடைசி நாட்களில் இறக்கும் மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான், வாய் வறண்டு தலை சுற்றினால் அளவு மீறியாச்சு என்று அர்த்தம், 81-க்கு வழக்கம்போல் சாப்பிடலாம்.

மீள நேரம்: ஜூடோவில் முந்தின நாளே எடை பார்ப்பதால் ஓர் இரவு கிடைக்கும், ஆனால் காலையில் சிலரைத் திடீரென மறுபடி தராசில் ஏற்றுவார்கள், அப்போது எடை 73-ஐவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது, அதாவது 76.65 கிலோவைத் தாண்டக்கூடாது. பளுதூக்குதலில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் எடை எடுப்பு தொடங்கும், இழந்த தண்ணீர் முழுதாகத் திரும்பாது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மோதும் ஒவ்வொரு நாளும் காலையில் தராசு. வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

சரி, யாருக்கு எது? சில வாரங்களில் கொழுப்பைக் கரைத்தே 73-க்கு வர முடிந்த ஜூடோ வீரர் இறங்கலாம். வளரும் வயதினரும், தண்ணீரை வற்றவைத்தால்தான் எடை வரும் என்பவர்களும் மேல்பிரிவிலேயே ஆடட்டும்.