க்ரென்கோவைக் கொல்லலாமா, விட்டுவைக்கலாமா? கமாண்டர் மேசையில் ஒரு கணக்கு

மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தை இருவர் ஆடும்போது எதிராளியின் ஒரு கார்டை உங்கள் ஒரு கார்டால் அழித்தால் கணக்கு சரியாகிவிடும். நான்கு பேர் ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட வடிவத்தில் அப்படி இல்லை. உங்கள் கையிலிருந்தும் அவர் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கார்டு போகும், மற்ற இருவருக்கும் எதுவும் போகாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே வெறும் எண்கணிதம். அதனால் ‘யார் பெரிய ஆபத்து’ என்பதோடு கேள்வி நிற்பதில்லை. அந்த ஆபத்தை யார் செலவில் அடக்குவது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரே மேசை நிலையை வைத்து நான்கு வழிகளை ஒப்பிடுவோம். உங்களுடையது வெள்ளை-நீல டெக். ஏழு லேண்ட், 27 உயிர், மேசையில் உயிரினம் எதுவும் இல்லை. கையில் ஸ்வோர்ட்ஸ் டு பிளௌஷேர்ஸ் (1 மனா), ராத் ஆஃப் காட் (4), ப்ராபகாண்டா (3), சைக்ளோனிக் ரிஃப்ட் (2, ஓவர்லோடில் 7). இப்போது உங்கள் முறை. உங்களுக்குப் பின் சிவப்பு, பச்சை, கருப்பு என்ற வரிசையில் ஆட்டம் சுற்றும்.

சிவப்பின் கமாண்டர், அதாவது டெக்கின் தலைமை உயிரினம், க்ரென்கோ, மாப் பாஸ். அவருடன் ஏழு கோப்ளின் டோக்கன்கள், ஆறு லேண்ட், கையில் மூன்று கார்டு, 33 உயிர். பச்சையிடம் மனா தரும் நான்கு எல்ஃப்கள், 30 உயிர், கை காலி. கருப்பிடம் ப்ளட் ஆர்ட்டிஸ்ட், இன்னொரு சிறு உயிரினம், சாங்குயின் பாண்ட் என்ற என்சான்ட்மென்ட், எட்டு லேண்ட், கையில் ஆறு கார்டு, 24 உயிர்.

மேசையைச் சுற்றிக் கேட்டால் பலரும் சிவப்பைத்தான் காட்டுவார்கள். கூட்டம் கண்ணில் படுகிறது, க்ரென்கோவை டேப் செய்தால், அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தினால், இருக்கும் கோப்ளின்களின் எண்ணிக்கைக்குச் சமமாகப் புதியவை வரும். ஆனால் அவை வந்த முறையிலேயே தாக்க முடியாது. அடுத்த முறை எட்டு பதினாறாகும், தாக்கப்போவது என்னவோ பழைய ஏழுதான். கோப்ளின் சீஃப்டன் இறங்கினால் கதை மாறும். மூன்று மனாவுக்கு மற்ற கோப்ளின்கள் எல்லாம் ஒரு படி பெரிதாகும், உடனே தாக்கவும் முடியும். சீஃப்டனோடு ஒன்பது, க்ரென்கோ இன்னும் ஒன்பது சேர்ப்பார். பதினாறு டோக்கன்கள் தலைக்கு 2, சீஃப்டன் 2, ஆக 34. உங்கள் 27 உயிருக்கு அது போதும். கையில் மூன்று கார்டு வைத்திருக்கும் கோப்ளின் டெக்கிடம் சீஃப்டன் இருக்காது என்று நம்பி ஆடுவது அசட்டுத்தனம்.

கருப்போ சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சாங்குயின் பாண்ட் இருக்கும்வரை கருப்பின் உயிர் கூடும்போதெல்லாம் எதிரி ஒருவர் அதே அளவு இழப்பார். எக்ஸ்க்விசிட் ப்ளட் இதன் தலைகீழ்: எதிரி இழந்தால் கருப்புக்குக் கூடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு புள்ளி உயிர் அசைந்தாலே சுழற்சி தொடங்கி மூவரும் காலி. எக்ஸ்க்விசிட் ப்ளட் ஐந்து மனா, கருப்பிடம் எட்டு லேண்ட். ஆறு கார்டில் ஒன்று சரியாக அமைந்தால் போதும்.

முதல் வழி: ஸ்வோர்ட்ஸை க்ரென்கோ மேல் போடுவது

ஸ்வோர்ட்ஸ் ஓர் உயிரினத்தை எக்ஸைல் செய்யும், அதாவது ஆட்டத்திலிருந்தே நீக்கும், அதன் பவர் அளவு உயிர் அதை வைத்திருந்தவருக்குக் கூடும். இதில் நேரம்தான் எல்லாம். க்ரென்கோ அன்டேப் ஆகி நிற்கும்போது ஸ்வோர்ட்ஸ் போட்டால் சிவப்பு அதற்குப் பதிலாக அவரை டேப் செய்துவிடும். அந்தத் திறன் முதலில் முடிந்து எட்டு பதினாறாகும், அதன்பிறகுதான் க்ரென்கோ போவார். டேப் செய்தபின் பதிலுக்கு ஸ்வோர்ட்ஸ் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. க்ரென்கோ போனாலும் திறன் நடந்தே தீரும், மிச்சமுள்ள ஏழைப் பார்த்து இன்னும் ஏழு வரும். சிவப்பு தன் முறையில் அவரைப் பயன்படுத்தியிருந்தால் இப்போது டேப் ஆகிக் கிடப்பார். சுத்தமாக எடுக்கக் கடைசி வாய்ப்பு உங்கள் முறையின் முடிவு. சிவப்பின் அன்டேப் கட்டத்தில் யாரும் குறுக்கிட முடியாது, அப்கீப் வந்தபின் நேரம் தவறிவிட்டது என்று அர்த்தம்.

சரியான நேரத்தில் போட்டால் ஒரு மனாவுக்கு நல்ல பலன். சிவப்புக்கு 3 உயிர் கூடும், க்ரென்கோ கமாண்ட் ஸோனுக்குத் திரும்புவார். மீண்டும் இறக்க அவருடைய வழக்கமான நான்கோடு கூடுதலாக இரண்டு, அதாவது ஆறு மனா, சிவப்பின் மொத்த லேண்டும் அதற்கே போகும். அடுத்த தாக்குதல் 34-க்குப் பதில் 7. அவர் க்ரென்கோவை விட்டுச் சீஃப்டனை இறக்கினாலும் 16-க்கு மேல் போகாது. ஆனால் உங்கள் ஒரே ஸ்வோர்ட்ஸ் போய்விட்டது, கருப்பை அச்சுறுத்தக்கூடிய ஒரே படையும் அடங்கிவிட்டது.

இரண்டாவது வழி: ராத்

உயிரினங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். இந்த மேசையில் அது தற்கொலை. எட்டு கோப்ளின், நான்கு எல்ஃப், கருப்பின் இரண்டு என்று 14 உயிரினங்கள் ஒரே நேரத்தில் சாகும். தானும் சாகிற ப்ளட் ஆர்ட்டிஸ்ட் 14 சாவையும் எண்ணும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் 1 இழப்பார், கருப்புக்கு 1 கூடும், உடனே பாண்ட் இன்னொரு 1 எடுக்கும். மொத்தம் 28. பச்சையிடம் 30, சிவப்பிடம் 33. உங்களிடம் 27. கருப்பு யாரைக் குறிவைக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

இதைக் கவனித்தவர் முதலில் ஸ்வோர்ட்ஸால் ப்ளட் ஆர்ட்டிஸ்ட்டை எக்ஸைல் செய்வார். அதன் பவர் 0 என்பதால் கருப்புக்கு உயிர் கூடாது, எக்ஸைல் என்பது சாவும் அல்ல. பிறகு ராத், மிச்ச இரண்டு மனா ரிஃப்டுக்கு. ஏழு மனாவும் கச்சிதமாகச் செலவாகிறது, அழகான முறை போலத் தெரியும். முடிந்தபின் மேசையைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் தரைமட்டம், கருப்பிடம் பாண்ட், எட்டு லேண்ட், ஆறு கார்டு. கருப்பை இனி யாரும் தாக்கப்போவதில்லை, தடுக்க வேண்டிய வேலை முழுவதும் உங்கள் தலையில். இரண்டு கார்டு செலவழித்துக் கருப்புக்கு வழி திறந்து கொடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது வழி: ரிஃப்ட் ஓவர்லோட்

ஏழு மனாவுக்கு எதிரிகளின் லேண்ட் அல்லாத எல்லாம் கைக்குத் திரும்பும், டோக்கன்கள் மறைந்தே போகும். யாரும் சாகாததால் ப்ளட் ஆர்ட்டிஸ்ட்டுக்கும் வேலையில்லை. இதன் சக்தி ஊரறிந்தது: 2025 பிப்ரவரியில் விஸார்ட்ஸ் வெளியிட்ட கேம் சேஞ்சர்ஸ் பட்டியலிலேயே இந்தக் கார்டு உண்டு, டெக்குகளை வலிமைப்படி பிரிக்கும் பிராக்கெட்டுகளில் கீழ் இரண்டில் அந்தப் பட்டியல் கார்டுகளுக்கு இடமில்லை. ஆனால் ரிஃப்ட் ஆட்டத்தை முடிக்காது, முடிக்கக்கூடியவருக்கு ஒரு முறை இடைவெளி தரும், அவ்வளவுதான். உங்களிடம் அடிக்க ஓர் உயிரினம்கூட இல்லை. மூவரும் திரும்ப இறக்குவார்கள், மூவருக்கும் உங்கள் மேல் கடுப்பு இருக்கும். வெல்லும் முறை கையில் இல்லாமல் இதை ஓவர்லோட் செய்வது கார்டையும் நல்லுறவையும் ஒன்றாக எரிப்பது.

நான்காவது வழி: ப்ராபகாண்டாவும் ஒரு பேச்சும்

ப்ராபகாண்டா இருந்தால் உங்களைத் தாக்கும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் 2 மனா கட்ட வேண்டும். ஆறு லேண்ட் உள்ள சிவப்பு அதிகபட்சம் மூன்று கோப்ளினை அனுப்பலாம், சீஃப்டனை இறக்கினால் ஒன்றுதான். மூன்று மனா போக நான்கு மிச்சம். அதில் ஸ்வோர்ட்ஸுக்கு ஒன்று, ஒரே ஒரு கார்டைக் கைக்குத் திருப்பும் ரிஃப்டின் சிறிய வடிவத்துக்கு இரண்டு.

இப்போது, க்ரென்கோ டேப் ஆகிக் கிடக்கும்போதே, சிவப்பிடம் பேச வேண்டும். “இந்த முறை க்ரென்கோவைத் தொடமாட்டேன், உங்க அடுத்த தாக்குதல் கருப்பு மேல போகட்டும்.” இதையே சிவப்பின் முறையில் சொன்னால் மதிப்பில்லை, அப்போது உங்களால் அவரைச் சுத்தமாக எடுக்க முடியாது என்பது சிவப்புக்கும் தெரியும். விதிப்படி எந்த வாக்குறுதியும் யாரையும் கட்டுப்படுத்தாது, எனவே எதிராளிக்கு எப்படியும் லாபமான வாக்கைத்தான் கேட்க வேண்டும். இங்கே சிவப்புக்கு உங்களைத் தாக்குவதில் ஒன்றும் கிடைக்காது, கை காலியான பச்சையைத் தாக்குவதில் அவசரமில்லை, கருப்போ ஒரு கார்டு தொலைவில் வெற்றியோடு நிற்கிறது. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். ‘என்னிடம் ஸ்வோர்ட்ஸ் இருக்கிறது’ என்று காட்டியவரின் ஸ்வோர்ட்ஸை மற்ற மூவரும் தங்களுடையதைப் போலவே கணக்கில் வைத்துக்கொள்வார்கள்.

சீஃப்டன் வந்தால் 34 கருப்பின் மேல் பாயும். இரண்டு உயிரினங்கள் தடுத்தாலும் அதிகபட்சம் 4 குறையும், மிச்சம் 30, கருப்பிடம் இருப்பது 24. கருப்பு வெளியேறும்போது பாண்டும் ப்ளட் ஆர்ட்டிஸ்ட்டும் சேர்ந்து போகும். அடுத்து உங்கள் முறையில் ராத் போட்டால் பதினெட்டு கோப்ளின்களும் நான்கு எல்ஃப்களும் சாகும், யாருக்கும் எந்த உயிரும் கூடாது. நீங்கள் செலவழித்தவை ப்ராபகாண்டாவும் ராத்தும் மட்டும். ப்ராபகாண்டா மேசையிலேயே இருக்கிறது, ஸ்வோர்ட்ஸும் ரிஃப்டும் கையில்.

சீஃப்டன் வரவில்லை, அல்லது சிவப்பு பேச்சை மீறிப் பச்சையைத் தாக்கியது என்றால் கருப்பின் முறை வரும். எக்ஸ்க்விசிட் ப்ளட் இறங்கி முதல் உயிர்ப்புள்ளி அசைந்ததும் பாண்டின் திறன் வரிசையில் நிற்கும். அப்போது இரண்டு மனா ரிஃப்டால் எக்ஸ்க்விசிட் ப்ளட்டைக் கைக்கு அனுப்பினால் ஒரே ஒரு புள்ளியோடு சுழற்சி அறுந்துவிடும். இங்கே இருக்கை வரிசை உங்களுக்குச் சாதகமில்லை. கருப்புக்குப் பின் பதில் சொல்லும் வாய்ப்பு முதலில் உங்களுக்கு வரும், பிறகு சிவப்பு, கடைசியில் பச்சை. பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது மற்ற நேரங்களில் நல்ல தந்திரம்தான். மனா தீர்ந்த சிவப்பையும் கை காலியான பச்சையையும் நம்பி விட்டால் ஆட்டம் அங்கேயே முடியும்.

இந்த மேசைக்கு நான்காவது வழிதான் சரி. ஆனால் ஒரு கார்டு மாறினாலும் தீர்ப்பு மாறும். சாங்குயின் பாண்ட் இல்லாவிட்டால் கருப்பு அவசர ஆபத்து அல்ல, அப்போது டேப் ஆன க்ரென்கோ மேல் ஸ்வோர்ட்ஸ் போடுவதே மேல். உங்கள் கையில் ப்ராபகாண்டா இல்லையென்றாலும் அதேதான், ஏனென்றால் சிவப்பு பேச்சை மீறினால் 34-ஐ நிறுத்த ஓவர்லோட் தவிர எதுவும் இருக்காது. பச்சையின் கை நிறைந்து, எட்டு மனாவும் இருந்தால், தன் படை முழுவதையும் பெரிதாக்கும் க்ரேட்டர்ஹூஃப் பெஹிமத் எந்த முறையும் வரலாம். எல்ஃப்களை விட்டுவைத்துக் காத்திருக்கும் திட்டம் அப்போது செல்லாது. ஸ்வோர்ட்ஸை ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு ராத் போடும் வழி, கருப்புக்குக் கதவு திறந்தாலும், அந்த மேசையில்தான் நியாயமாகும்.