பேரீச்சை, கருப்பட்டி, லட்டு: மூன்று இனிப்புகளை ஒரே தட்டில் வைத்தால்

பேரீச்சை பழமா, தின்பண்டமா என்று கேட்டால் விடை சுருக்கமானது: பழம்தான். பேரீச்ச மரத்தின் பெண் பூ சூல்கொண்டு, ஒற்றை விதையோடு குலையில் பழுப்பது அது. தாவரவியலார் அதைத் திராட்சையோடும் தக்காளியோடும் சேர்த்துச் சதைக்கனி என்பார்கள். மாம்பழத்துக்கு இருப்பது போல அதற்கு உள்ளே கட்டியான ஓடு கிடையாது. கொட்டையைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டும் இருக்கும். பல்லில் கடினமாகப் படுவது விதையேதான்.

சந்தேகம் வருவதிலும் நியாயம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பேரீச்சையை நாம் பார்ப்பது வளைகுடாவிலிருந்து வருபவர்களின் பெட்டியில், அல்லது நோன்புக் காலத்தில் தக்கலை, குளச்சல் கடைகளில் முந்திரிக்கும் கிஸ்மிஸுக்கும் பக்கத்தில். மரத்தில் பழுத்துப் பார்த்தவர்கள் குறைவு. காரணம் நம்முடைய மழை. பேரீச்சைக்குப் பழுக்கும் மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். அப்போது மழை பெய்தால் பழம் வெடித்து அழுகிவிடும். இரண்டு பருவமழையும் நனைக்கும் மண்ணில் அது நடக்காது.

பழக்கடைகளில் எப்போதாவது மஞ்சள் நிறத்தில் குலையோடு தொங்கும் பேரீச்சையை வாங்கிக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுப்பாகவும், நீர்ச்சத்தோடும், இலேசான துவர்ப்போடும் இருக்கும். சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். அந்தப் பருவத்தில் அதன் இனிப்பில் கணிசமான பங்கு சுக்ரோஸ். சீனியும் சுக்ரோஸ்தான். பழம் மேலும் கனியும்போது அதிலுள்ள இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிளக்கிறது, நீரும் வற்றுகிறது. பெரிய மெட்ஜூல் வகையில் நூறு கிராம் சதைக்கு ஏறக்குறைய 66 கிராம் சர்க்கரை இருக்கும். அதில் குளுக்கோஸும் பிரக்டோஸும் கிட்டத்தட்டச் சரிபாதி. சுக்ரோஸ் ஒரு கிராம்கூட இராது. டெக்லெட் நூர் என்ற வகையில் மட்டும் பிளக்காத சுக்ரோஸ் நிறையவே தங்கிவிடும்.

‘பழச் சர்க்கரை வேறு, சீனி வேறு, அதனால் பேரீச்சை ஒன்றும் செய்யாது’ என்பது எங்கள் மைனியின் கட்சி. இந்தக் கட்சி சர்க்கரையை வைத்து வாதாடினால் தோற்றுவிடும். லட்டிலுள்ள சீனியையும் நம் சிறுகுடல் அதே குளுக்கோஸ், பிரக்டோஸ் என்றுதான் பிளக்கிறது. பேரீச்சையில் அந்த வேலையை மரம் முன்கூட்டியே செய்துவிட்டது, அவ்வளவுதான். ரத்தத்துக்குள் போன பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியில்லை.

வேறுபாடு சர்க்கரையில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள லட்டைவிட நல்ல எதிராளி நம்மூரிலேயே உண்டு: கருப்பட்டி. பனையும் பேரீச்சையும் ஒரே குடும்பத்து மரங்கள். பனையில் பாளையைச் சீவி வடியவிட்டு எடுக்கும் அக்கானி, மரத்துக்குள் ஓடும் சாறு. அதைக் கொப்பரையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. தாதுச்சத்து கொஞ்சம் உண்டு, மணம் நிறையவே உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். நார் கிடையாது. வாயில் போட்டால் கரையும், கரைந்ததும் குடலுக்குத் தயார். பேரீச்சையிலோ சர்க்கரை பழத்தின் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம் நாரும் கூடவே இருக்கிறது. மெல்ல வேண்டும், வயிறு அதைக் கூழாக்க வேண்டும். சர்க்கரை வெளிவரச் சற்று நேரம் பிடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கோடு கிழித்ததும் இந்த இடத்தில்தான். நாமாகச் சேர்க்கும் சீனி, தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையைத் தனிக் கணக்கில் வைத்து, அது நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். முழுப் பழத்திலுள்ள சர்க்கரை அந்தக் கணக்கில் வராது. அந்த வரையறைப்படி பார்த்தால் முழுப் பேரீச்சை ஒரு பக்கம். கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன், லட்டு மூன்றும் மறுபக்கம். கருப்பட்டியை மருந்தாகவே நம்பும் ஊரில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

பேரீச்சைப் பாகு எந்தப் பக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழத்தை வேகவைத்துப் பிழிந்து, சக்கையை நீக்கி, சாற்றைச் சுண்டவைத்ததே பாகு. செல்லும் நாரும் சக்கையோடு போய்விட்டன. அது லட்டின் பக்கம்தான். ரத்தம் ஊறும் என்று பிள்ளைகளுக்கு அதைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கிறார்கள். பழத்திலேயே நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவில்தான் இரும்புச்சத்து.

முழுப் பழம் வென்றுவிட்டது என்று மைனி மகிழ்வதற்குள் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு பெரிய மெட்ஜூல், கொட்டை நீக்கி, சுமார் 24 கிராம். அதில் 16 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி. நோன்பு திறக்க மூன்று எடுத்தால் 48 கிராம் சர்க்கரை, ஐந்து கிராம் நார். கடையில் உதிரியாகக் கிடைக்கும் சின்ன பேரீச்சை, சதை எட்டு கிராம் என்று கொண்டால், மூன்றுக்கு 15 கிராம்தான் வரும். 40 கிராம் லட்டில் பாதி சீனி என்று வைத்தாலும் 20 கிராம். ஆக, மூன்று மெட்ஜூல் தின்றவர் சர்க்கரையில் இரண்டு லட்டைத் தாண்டிவிட்டார். எண்ணெயும் நெய்யும் இல்லை என்பது உண்மை. நூறு கிராம் வாழைப்பழத்தில் சர்க்கரை 12 கிராம் அளவில்தான். பழத்தோடு பழம் ஒப்பிடவேண்டியவர்கள் இந்த எண்ணோடு ஒப்பிடட்டும்.

ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமீரகத்தில் ஐந்து வகைப் பேரீச்சையை வைத்து நடத்திய, 2011இல் வெளியான ஆய்வில் கிளைசெமிக் குறியீடு 44 முதல் 55 வரை வந்தது. சீனிக்கு அது 65 அளவில். வேறுபாடு உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதல்ல. சர்க்கரை நோய் உள்ளவர் சாப்பாட்டுக்குப் பிறகு லட்டுக்குப் பதிலாக இரண்டு சின்ன பேரீச்சை தின்றால் லாபம். லட்டோடு சேர்த்து, ‘பழம்தானே’ என்று தின்றால் நஷ்டம்.

வாங்கும்போது ஒரு சோதனை. பேரீச்சைத் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் சீனி தூவியிருக்கிறார்கள் என்று ஒதுக்காதீர்கள். அது பழத்தின் குளுக்கோஸே படிகமானது. நெருநெருவென்று இருக்கும், வெதுவெதுப்பான நீரில் கரைந்துவிடும். பஞ்சுபோல் இருந்து புளித்த வாடை அடித்தால் பூஞ்சணம், தூக்கி எறியலாம். எண்ணெய் தடவியது போல ஒரே சீராகப் பளபளத்து, தொட்டதும் விரலில் பாகு நூலிழுத்தால் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் பேரீச்சை என்ற ஒன்று மட்டும் இருந்தால் வாங்கலாம். குளுக்கோஸ் பாகு என்று இரண்டாவது பெயர் இருந்தால் அதன் விலையை மிட்டாய்க் கடை விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.