ஏணைக் கொளுக்கி: பெட்டியில் 150 கிலோ என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

கொக்குவிலில் ஒரு வீடு. மூன்று மாதப் பிள்ளைக்கு ஏணை கட்ட, யாழ்ப்பாணம் நகரத்துக் கடையொன்றில் கொளுக்கி, ஸ்பிரிங், சுழலி மூன்றும் சேர்ந்த ஒரு செட் வாங்கினார்கள். பெட்டியில் 150 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர். பூட்டித் தரக் கடைக்காரரே ஆளும் அனுப்பினார். அவர் கொங்கிறீற்றுக் கூரையில் துளை போட்டு, றோல் பிளக் அடித்து, கொளுக்கியைத் திருகி, கையால் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதிலை பெரிய ஆளே தொங்கலாம் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் காலையில் பிள்ளையின் போர்வையில் மாப் பொடி தூவினதுபோல வெள்ளைத் தூசு கிடந்ததை அம்மம்மா கண்டார். அண்ணாந்து பார்த்தால், கூரையோடு ஒட்டியிருந்த கொளுக்கியின் வட்டத் தகடு ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கியிருந்தது. பிள்ளையைத் தூக்கிவிட்டு ஏணையைப் பிடித்துச் சற்று உரக்க இழுத்ததும் கொளுக்கி, பிளக்கோடு கையில் வந்துவிட்டது.

எடுத்த துளையை அளந்தால் காரணம் தெரிந்தது. பிளக் 40 மில்லிமீற்றர் நீளம். கூரையின் சாந்துப் பூச்சு 18 மில்லிமீற்றர். அப்படியென்றால் கொங்கிறீற்றுக்குள் போனது 22 மில்லிமீற்றர் மட்டுமே. பூச்சு பாரம் தாங்காது, பொடியாகி உதிரும். துளைக்குள் இருந்த தூசியையும் ஊதி எடுக்கவில்லை. பிளக் கொங்கிறீற்றைப் பிடிக்காமல் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று இதைவிட முக்கியம். சுவரில் தட்டு மாட்டும்போது பாரம் திருகாணியைக் குறுக்கே அழுத்தும். அதற்கு பிளாஸ்ரிக் பிளக் போதும். கூரையில் தொங்கும் ஏணை திருகாணியை அதன் நீளவாட்டில் இழுக்கிறது. அங்கே பிடித்துவைத்திருப்பது உராய்வு ஒன்றுதான். அதுவும் நாள் முழுக்க ஆடி அதிர்கிற பாரம். எந்தக் கம்பனிப் பிளக் என்றாலும் கூரையில் ஏணைக்கு வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு பாரம் வரும்? பிள்ளை 7 கிலோ, சீலை, கம்பு, ஸ்பிரிங் எல்லாம் 3 கிலோ என்று வையுங்கள். அசையாமல் நின்றால் 10 கிலோ. 45 பாகை வரை வீசி ஆட்டினால், கீழே வரும் நேரம் இழுவை ஏறக்குறைய 16 கிலோ. பிள்ளையைச் சட்டென்று ஏணைக்குள் விட்டால் ஸ்பிரிங் துள்ளி, ஒரு கணம் 20 கிலோ. இதுவரை பயமில்லை. ஆனால் மூன்று வயது அண்ணன்காரன் 14 கிலோவோடு சீலையைப் பிடித்துத் தொங்குவான். 24 கிலோ, சடாரென்று தொங்கினால் அதன் இரட்டிப்பு, 50 கிலோவுக்குக் கிட்ட. அதனால்தான் கூரைப் பூட்டு 100 கிலோவுக்கு அசையக் கூடாது என்று கணக்கு வைக்கிறோம். ஸ்டிக்கரில் இருக்கிற 150 கிலோ, உண்மையாக இருந்தாலும், கடையில் தொங்கும் இரும்புக்குத்தான். உங்கள் வீட்டுக் கூரைக்கு அல்ல.

அந்த ஸ்பிரிங்கும் நல்லதல்ல. நீண்டு சுருங்கும் சாதாரண ஸ்பிரிங். இரண்டு முனையிலும் கம்பியையே வளைத்துக் கொளுக்கியாக்கியிருந்தார்கள். நிமிடத்துக்கு 70 துள்ளல், நாளுக்கு நாலு மணித்தியாலம் என்றால் ஒரு மாதத்தில் ஐந்து லட்சம் தடவை அந்த வளைவு மடங்கி நிமிர்கிறது. இவ்வகை ஸ்பிரிங் நடுவில் உடைவது குறைவு. வளைவின் கழுத்தில், முன்னறிவிப்பில்லாமல் உடையும். நம் ஊர் உப்புக் காற்றில் அந்த இடத்தில் கறள் பிடித்தால் இன்னும் வேகமாக. விரலும் தலைமயிரும் சுருளுக்குள் அகப்படுவதும் இதில்தான்.

இதற்குப் பதில் அமுங்கும் வகையைக் கேளுங்கள். இரண்டு நீளக் கம்பி வளையங்கள் சுருளின் நடுவால் எதிரெதிராகப் போய், மறுமுனையைக் கொளுவிப் பிடித்திருக்கும். பாரம் ஏறினால் சுருள் நீளாது, நெருங்கும். சுருள் உடைந்தாலும் வளையங்கள் ஒன்றையொன்று விடாது. ஏணை கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். அது கிடைக்காமல் பழைய வகையைத்தான் போடுகிறீர்கள் என்றால், ஸ்பிரிங்கின் மேல் வளையத்திலிருந்து கீழ் வளையத்துக்கு 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு ஒன்றைக் காவலாகக் கட்டுங்கள். பிள்ளையோடு முழுக்க நீண்ட அளவைவிட நாலு விரல் கூடுதலாக விட வேண்டும். வாங்கிய அன்றே வெறும் ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். பிறகொரு நாள் 5 மில்லிமீற்றர் கூடியிருந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

சுழலி தேவைதான். அது இல்லாவிட்டால் ஏணை சுற்றும் ஒவ்வொரு முறையும் சீலை முறுகும், திருகு கொளுக்கி தானே கழன்று வரும். ஆனால் சுழலியை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஸ்பிரிங்குக்கு மேலே, கூரைப் பக்கமாக வர வேண்டும். கீழே போட்டுவிட்டு, மேலிருந்து ஏணை வரை காவல் கயிறு கட்டினால் கயிறு சுற்றிச் சுற்றி இறுகும். மேலே போட்டால் காவல் கயிறு ஸ்பிரிங்கோடு சேர்ந்தே சுற்றும். ஆனால் சுழலிக்கென்று காவல் எதுவும் இராது. ஆகவே செட்டிலேயே பலமான சாமான் அதுவாக இருக்க வேண்டும். அந்த வீட்டுச் சுழலியில் ஊசியின் தலை சும்மா தட்டித் தட்டையாக்கப்பட்டிருந்தது. பதினாறு நாளில் ஆட்டம் கண்டிருந்தது. படகு நங்கூரக் கயிற்றுக்குப் பூட்டும் கறளேறாத சுழலி, இரண்டு பக்கமும் மூடிய கண்ணோடு, நம்பத்தக்கது. வலைச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். திறந்த எஸ் கொளுக்கி எங்கேயும் வேண்டாம், துள்ளலில் மேலெழும்பிக் கழரும். திருகிப் பூட்டும் வளையமே போடுங்கள். சாவிக்கொத்து மாட்டும் வளையம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஏமாறாதீர்கள்.

அந்த வீடு ஒரு மாடிதான், மேல்தளத்துக்கு ஏறலாம். எனவே புதிதாகத் துளையைக் கீழிருந்து மேல் வரை ஊடறுத்துப் போட்டார்கள். மின் குழாய் போகும் வழியைப் பார்த்து விலகி, கம்பி தட்டியதும் ஓர் அங்குலம் தள்ளி. 12 மில்லிமீற்றர் மரைக் கம்பி. மேலே 100 மில்லிமீற்றர் சதுர, 6 மில்லிமீற்றர் தடித்த இரும்புத் தகடும் இரண்டு நட்டும். கீழே மூடிய கண் நட்டு. மாரிக்கு முன் தகட்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைத்தார்கள். மேலே ஏற முடியாத வீட்டில் 10 மில்லிமீற்றர் இரும்பு ஆங்கர் போல்ட், பூச்சைக் கழித்துக் குறைந்தது 60 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுக்குள் போக வேண்டும். கூரை வார்க்கும்போதே கம்பியில் கொளுவி விட்ட விசிறிக் கொளுக்கி சும்மா இருந்தால், கறள் இல்லையா என்று பார்த்து அதையே பாவிக்கலாம். ஓட்டு வீடென்றால் துளையே வேண்டாம்: தீராந்தியைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு. பனைமரத்தின் உட்பக்கம் சோற்றியாக இருக்கும், திருகாணி நிற்காது. சலாகையில் ஒருபோதும் கட்டாதீர்கள். சீலிங் சீற் வெறும் மறைப்பு, அதில் ஒன்றும் தொங்காது.

பூட்டி முடிந்ததும் இரண்டு சீமெந்துப் பையை, 100 கிலோ, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு ஒரு நாள் வைத்தார்கள். கொளுக்கி கூரையைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்; அது அசையவில்லை. கையால் இழுத்துப் பார்ப்பது சோதனையல்ல.

கடைக்காரரிடம் பழைய செட்டைக் கொண்டுபோனபோது, பொருத்தியது பிழை என்றார். பொருத்தியவர், சாமான் பிழை என்றார். காசு திரும்பவில்லை. எந்த ஆங்கர், எவ்வளவு ஆழம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கவிடுங்கள். மறுத்தால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

ஏணைக்குள் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டாமல் பாருங்கள், ஆளில்லாமல் விடாதீர்கள். குப்புறப் புரண்டு கையூன்றி எழும்பத் தொடங்கினால், ஸ்பிரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏணையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.